ஒரு பதிவுக்குள் அடைபட்ட நான்கு பதிவுகளைப் பிரிப்பது எப்படி?

எழுதி முடித்த வரைவைப் படித்துவிட்டு, "இது என்ன சொல்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் ஒரு வாக்கியத்தில் வராமல் "அப்புறம்... அப்புறம்..." என்று நீண்டால், உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன.

என்னுடைய வரைவு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். செல்போனில் ஆட்களை நன்றாகப் படம் எடுப்பது பற்றியது. 11 பத்திகள், சுமார் 1,400 சொற்கள். லென்ஸைத் துடைப்பது, ஜன்னல் வெளிச்சம், பின்னணி, எடிட்டிங், படங்களைச் சேமிப்பது என்று எல்லாம் அதில் இருந்தன.

படி 1: பத்திக்கு ஒரு வரி

முதலில் வரைவுக்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள். மூலத்தில் கை வைக்க வேண்டாம். நகலில் ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில், அது வாசகரிடம் சொல்வதை ஒரே வரியில் எழுதுங்கள். "வெளிச்சம்" என்று தலைப்பை மட்டும் எழுதினால் போதாது. "ஜன்னல் முகத்துக்குப் பக்கவாட்டில் இருந்தால் முகத்தின் வடிவம் நன்றாகத் தெரியும்" என்று முழு வாக்கியமாக எழுத வேண்டும். தலைப்புக்குள் எத்தனை கருத்தும் ஒளிந்துகொள்ளும், வாக்கியத்துக்குள் அது முடியாது.

என் 9ஆம் பத்திக்கு ஒரு வரி போதவில்லை. "செயலியில் வெளிச்சத்தைக் கூட்டலாம், அசல் படத்தை அழிக்கக் கூடாது" என்று வந்தது. அதாவது ஒரே பத்தியில் இரண்டு விஷயம். அதை அங்கேயே இரண்டாக உடைத்தேன்.

படி 2: மையக் கருத்தைத் தேர்ந்தெடுப்பது

எழுதிய வரிகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள். எந்தக் கருத்துக்கு அதிகப் பத்திகள், எதில் நீங்களே செய்து பார்த்த விவரங்கள் இருக்கின்றன என்று கவனியுங்கள். என் வரைவில் 3 முதல் 6 வரை நான்கு பத்திகள் ஜன்னல் வெளிச்சத்துக்கே போயிருந்தன. ஜன்னலை விட்டுத் தள்ளிப் போகப் போக முகத்தில் வெளிச்சம் எவ்வளவு குறைகிறது, ஜன்னலுக்கு முதுகைக் காட்டினால் முகம் ஏன் இருண்டுபோகிறது என்றெல்லாம் படங்கள் எடுத்து ஒப்பிட்டிருந்தேன். சேமிப்பு பற்றிய பத்தியோ, யாரும் எழுதக்கூடிய பொதுவான பேச்சு. மையம் எது என்பதில் சந்தேகமே இல்லை.

தேர்ந்தெடுத்த வாக்கியத்தை வரைவின் தலையில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: மற்றவற்றைச் சலிப்பது

இப்போது ஒவ்வொரு பத்தியாக எடுத்து, "இது இல்லாவிட்டால் அந்த வாக்கியம் புரியாமல் போகுமா, நம்ப முடியாமல் போகுமா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் இருக்கட்டும். இல்லை என்றால் வெளியே போகட்டும். நன்றாக எழுதிய பத்தி என்பதற்காக விட்டு வைக்காதீர்கள். எனக்குப் பின்னணி பற்றிய இரண்டு பத்திகள் மிகவும் பிடித்திருந்தன, ஆனாலும் எடுத்தேன்.

ஆனால் ஒன்று: சில பத்திகளை முழுதாக எடுத்தால் வாசகர் தடுமாறுவார். லென்ஸ் அழுக்காக இருந்தால் எந்த வெளிச்சத்திலும் படம் மங்கலாகத்தான் வரும். அதனால் அந்தப் பத்தியை "முதலில் லென்ஸை மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள்" என்ற ஒரு வரியாகச் சுருக்கினேன். இரண்டு கருத்துகளில் ஒன்றில்லாமல் மற்றது புரியவே புரியாது என்றால், பிரிக்க வேண்டாம். உண்மையில் அவை ஒரே கருத்துதான்.

படி 4: எடுத்ததைச் சேமிப்பது

பலர் இங்கே "பின்னணி, எடிட்டிங், சேமிப்பு" என்று ஒரு பட்டியல் போட்டு முடித்துவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், என்ன எழுத நினைத்தோம் என்றே தெரியாது. கருத்துக்கு ஒரு கோப்பு வையுங்கள். எடுத்த பத்திகளை அப்படியே அதில் ஒட்டுங்கள். மேலே மூன்று வரிகள் எழுதுங்கள். என் பின்னணிக் கோப்பில் இருப்பது இது:

சொல்ல வருவது: ஆளைச் சுவரிலிருந்து சில அடி முன்னால் நிறுத்தினால் அவருடைய நிழல் சுவரில் விழுந்து உறுத்தாது.
யாருக்கு: வீட்டுக்குள் படம் எடுப்பவருக்கு.
இன்னும் வேண்டியது: சுவரை ஒட்டியும் தள்ளியும் எடுத்த இரண்டு படங்கள்.

அசல் படத்தை அழிக்கக் கூடாது என்ற துண்டு, சேமிப்புக் கோப்புக்குப் போனது.

படி 5: வெட்டிய இடத்தைத் தைப்பது

மிச்சத்தைச் சத்தமாகப் படியுங்கள். "மேலே சொன்னதுபோல", "மூன்றாவதாக", "அடுத்து பார்க்கப்போகும்" போன்ற சொற்கள் இப்போது இல்லாத பத்திகளைக் காட்டிக்கொண்டிருக்கும். அவற்றைத் தேடி நீக்குங்கள். முன்னுரையையும் முடிவையும் திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவதே எளிது, ஏனென்றால் அவை பழைய ஐந்து விஷயங்களுக்காக எழுதப்பட்டவை. என் பழைய தலைப்பு "நல்ல படத்துக்கு ஐந்து வழிகள்". புதியது "ஜன்னலருகே முகத்தைப் படம் எடுப்பது". பதிவு சுமார் 600 சொற்களில் நின்றது, பக்கத்தில் மூன்று கோப்புகள் காத்திருந்தன.