தொப்புளைத் தொடாத அரிப்பு, தூங்கவிடாத உள்ளங்கை

முதல் கர்ப்பம், 35ஆவது வாரம். வயிற்று வரிகளுக்குள்ளேயே சிவப்புப் பருக்கள், ஒரே அரிப்பு. வேர்க்குரு என்று நினைத்து கேலமைன் தடவினேன், வேப்பிலைத் தண்ணீரில் குளித்தேன், சோப்பையும் மாற்றினேன். ஐந்து நாள் வீண்.

தோல் மருத்துவர் முதலில் தொப்புளைத்தான் பார்த்தார். அதைச் சுற்றி ஒரு பரு கூட இல்லை. வரிகளில் தொடங்கி தொப்புளை விட்டுவிட்டால், அது பெரும்பாலும் குழந்தையைப் பாதிக்காத கர்ப்ப காலத் தடிப்புதானாம். மிதமான ஸ்டீராய்டு களிம்பில் ஒரு வாரத்தில் அடங்கியது.

ஆனால் அப்புறம் இரவில் உள்ளங்கையும் பாதமும் அரித்தன. அங்கே பருவே இல்லை, நான் சொறிந்த கோடுகள் மட்டும்தான். பழைய அரிப்பின் மிச்சம் என்று அதே களிம்பைத் தடவி இரண்டு இரவை ஓட்டினேன். பிரயோஜனமில்லை.

பிரசவ மருத்துவரிடம் சொன்னதும் அன்றே ரத்தம் எடுத்தார்கள்: கல்லீரல் பரிசோதனை, பித்த அமிலம். பித்த அமிலம் 46, இயல்பைவிட அதிகம். இது தோல் நோயல்ல, கல்லீரலில் பித்தம் தேங்குவது. அளவு 100ஐத் தாண்டினால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் கூடும் என்பதால் வாராவாரம் பரிசோதித்தார்கள். 38ஆவது வாரத்தில் வலி வரவழைத்துப் பிரசவம். சில நாளில் அரிப்பு நின்றது.