பெருக்குவதா, வகுப்பதா? தற்போதைய மதிப்புக் கணக்கில் திசை மாறும் இடங்கள்

5 ஆண்டு கழித்து 1,00,000 கைக்கு வர வேண்டும். ஆண்டுக்கு 8 சதவீதம் கூட்டுவட்டி. இன்று எவ்வளவு போட வேண்டும்? சரியான விடை 68,058. ஆனால் இதே கேள்விக்கு 1,46,933 என்று எழுதுபவர்களும் நிறையப் பேர். அவர்களுக்குச் சூத்திரம் தெரியாமல் இல்லை. 1.08-இன் ஐந்தாம் அடுக்கு 1.4693 என்று சரியாகவே கண்டுபிடித்திருப்பார்கள். அதற்குப் பிறகு 1,00,000-ஐ அந்த எண்ணால் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருப்பார்கள், அவ்வளவுதான்.

கேள்வியின் சொற்களே இந்தப் பக்கம் இழுத்துவிடுகின்றன. "5 ஆண்டு கழித்து" என்று படித்ததும் எதிர்கால மதிப்பு நினைவுக்கு வருகிறது. "போட வேண்டும்" என்றதும் போட்ட பணம் வளரும், வளர்ந்தால் பெருக்கல் என்று கை போய்விடுகிறது. எதிர்காலத் தொகை இங்கே ஏற்கெனவே தரப்பட்டிருக்கிறது, கேட்கப்படுவது இன்றைய தொகை என்பதை இந்த இரண்டு சொற்களும் மறைத்துவிடுகின்றன.

திசை மாறினால் பிழை எவ்வளவு பெரிதாகும் என்பதையும் பார்க்க வேண்டும். இன்றைய தேதியை நோக்கி 5 ஆண்டு பின்னால் வர வேண்டிய தொகை, எதிர்காலத்தை நோக்கி 5 ஆண்டு முன்னால் போயிருக்கிறது. ஆக, சரியான விடைக்கும் தவறான விடைக்கும் நடுவே 10 ஆண்டு வட்டி நிற்கிறது: 1.08-இன் பத்தாம் அடுக்கு, அதாவது சுமார் 2.16 மடங்கு. காலம் 10 ஆண்டானால் இது 4.66 மடங்காகிவிடும். காலம் ஒரே ஆண்டு என்றால் 1.17 மடங்குதான். குறுகிய காலக் கணக்குகளில் இந்தப் பிழை யார் கண்ணிலும் படாமல் தப்பிவிடுவதற்கு இதுவே காரணம்.

சொற்களை விட்டுவிட்டுத் தேதிகளைப் பாருங்கள்

கேள்வியில் இரண்டே தேதிகளைத் தேடினால் போதும். கையில் உள்ள தொகை எந்தத் தேதிக்கு உரியது? கேட்கப்படும் தொகை எந்தத் தேதிக்கு உரியது? கேட்ட தேதியிலிருந்து தெரிந்த தேதியைக் கழியுங்கள். வரும் எண்ணை அதன் குறியோடு அப்படியே அடுக்கில் போடுங்கள்.

```
கேட்ட மதிப்பு = தெரிந்த தொகை × (1 + r)^(கேட்ட தேதி − தெரிந்த தேதி)
```

இதில் r என்பது ஆண்டு வட்டி விகிதம். மேலே உள்ள கேள்வியில் கேட்ட தேதி 0, தெரிந்த தேதி 5. அடுக்கு −5. அடுக்கு குறை எண்ணாக இருந்தால் அது வகுத்தலாகத் தானே மாறிவிடும். தற்போதைய மதிப்புக்கு ஒன்று, எதிர்கால மதிப்புக்கு ஒன்று என இரண்டு சூத்திரங்களை மனப்பாடம் செய்து, தேர்வு நேரத்தில் எது எதற்கு என்று யோசிப்பதைவிட இந்த ஒரே வரி பாதுகாப்பானது. "பெருக்கவா, வகுக்கவா" என்று நாமே முடிவெடுக்கும் கட்டமே இதில் இல்லை.

நடுவில் ஒரு தேதி வந்தால்

காலம் நீண்ட எளிய கேள்விகளில் தவறான விடை பார்த்த உடனே உறுத்தும். உண்மையான ஆபத்து, சில தொகைகள் முன்னாலும் சில பின்னாலும் நகர வேண்டிய கணக்குகளில் இருக்கிறது. ஒருவர் 1-ஆம் ஆண்டு முடிவில் 50,000, 6-ஆம் ஆண்டு முடிவில் 80,000 கொடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து 4-ஆம் ஆண்டு முடிவில் ஒரே தொகையாகக் கொடுத்துவிடுகிறேன் என்கிறார். வட்டி 9 சதவீதம். அந்த ஒரே தொகை எவ்வளவு?

இரண்டு தொகைகளும் 4 என்ற புள்ளிக்கு வந்து சேர வேண்டும். 50,000 முதலாம் ஆண்டிலிருந்து 3 ஆண்டு முன்னால் நகர்கிறது. அடுக்கு 4 − 1 = 3. 1.09-இன் மூன்றாம் அடுக்கு 1.295029 என்பதால் மதிப்பு 64,751. 80,000 ஆறாம் ஆண்டிலிருந்து 2 ஆண்டு பின்னால் வருகிறது. அடுக்கு 4 − 6 = −2. 1.1881-ஆல் வகுத்தால் 67,334. கூட்டினால் 1,32,086.

இப்போது இரண்டிலும் திசையை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். 50,000-ஐ 1.295029-ஆல் வகுத்தால் 38,609. 80,000-ஐ 1.1881-ஆல் பெருக்கினால் 95,048. கூட்டுத்தொகை 1,33,657. சரியான விடையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் வெறும் 1,571. ஒன்று தேவைக்கு மேல் குறைந்தது, மற்றொன்று தேவைக்கு மேல் கூடியது. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஏறக்குறைய சமன் செய்துவிட்டன. மொத்தத்தை மட்டும் பார்த்து "1,30,000 சுமாருக்கு வந்திருக்கிறது, சரியாகத்தான் இருக்கும்" என்று தலையாட்டுபவர் இதைப் பிடிக்கவே முடியாது. பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்வியில் இந்த 1,33,657-ம் ஒரு விடையாக உட்கார்ந்திருக்கலாம்.

அதனால் கூட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு தொகையையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும். வட்டி விகிதம் பூஜ்யத்துக்கு மேல் இருக்கும்வரை, தாமதமாகக் கொடுக்கப்படும் தொகை அசலைவிடப் பெரிதாக வேண்டும். முன்கூட்டியே கொடுக்கப்படும் தொகை அசலைவிடச் சிறிதாக வேண்டும். 50,000 மூன்று ஆண்டு தாமதமாகிறது, அது 38,609 ஆகச் சுருங்க வழியே இல்லை. 80,000 இரண்டு ஆண்டு முன்கூட்டியே வருகிறது, அது 95,048 ஆக வீங்குவதற்கும் நியாயம் இல்லை.

இன்னும் உறுதி வேண்டும் என்றால் எல்லாவற்றையும் வேறொரு தேதிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். இன்றைய மதிப்பில் 50,000 என்பது 45,872, 80,000 என்பது 47,701, கூட்டினால் 93,573. சரியான விடையான 1,32,086-ஐ 1.09-இன் நான்காம் அடுக்கான 1.41158-ஆல் வகுத்தாலும் அதே 93,573 வருகிறது. திசை மாறிய 1,33,657-ஐ வகுத்தால் 94,686 வருகிறது. கூட்டுவட்டிக் கணக்கில் எந்தத் தேதியை மையமாக எடுத்தாலும் சமன்பாடு மாறாது என்பதால், இந்தச் சோதனை எப்போதும் செல்லும். தனிவட்டியில் இது செல்லாது. அங்கே மையத் தேதி மாறினால் விடையும் சற்று மாறும்.

திசை தெரிந்தும் தவறும் இரண்டு இடங்கள்

பின்னால் போக வேண்டும் என்று சரியாகப் புரிந்துகொண்டும் தவறாகச் செய்ய முடியும். காரணி அட்டவணையைப் பயன்படுத்துபவர்களிடம் இது சகஜம். 8 சதவீதம், 5 ஆண்டு என்ற இடத்தில் தற்போதைய மதிப்புக் காரணி 0.6806 என்று போட்டிருக்கும். "டிஸ்கவுண்ட் செய்வது என்றால் வகுப்பது" என்று பாடம் பண்ணியவர், 1,00,000-ஐ 0.6806-ஆல் வகுத்து 1,46,929-இல் போய் நிற்பார். வகுத்தல் அந்தக் காரணிக்குள்ளேயே முடிந்துவிட்டது, 1-ஐ 1.4693-ஆல் வகுத்துத்தான் 0.6806 வந்தது. இதைக் கொண்டு பெருக்கவே வேண்டும். ஒன்றைவிடச் சிறிய காரணியால் வகுத்தால் தொகை பெரிதாகும் என்பதை மட்டும் நினைவில் வைத்தாலே இந்தக் குழியில் விழ மாட்டோம்.

இரண்டாவது தவறு இன்னும் நயமானது. 8 சதவீதம் கூட்டுவதன் எதிர்ச்செயல் 8 சதவீதம் கழிப்பது என்று நினைத்து, ஒவ்வோர் ஆண்டுக்கும் 0.92-ஆல் பெருக்குவது. ஐந்து ஆண்டுக்கு இது 65,908 தரும். சரியான 68,058-க்குப் பக்கத்தில் இருப்பதால் திசை சரி என்று தோன்றும், திசையும் சரிதான். ஆனால் அந்த 65,908-ஐ 8 சதவீதத்தில் 5 ஆண்டு வளர விட்டால் 96,841-தான் ஆகும், 1,00,000 ஆகாது. வட்டி கணக்கிடப்படுவது ஆண்டின் தொடக்கத் தொகையின் மேல். 8 சதவீதம் கழிப்பதோ ஆண்டின் முடிவுத் தொகையிலிருந்து. முடிவுத் தொகையிலிருந்து கழிக்க வேண்டிய விகிதம் 0.08-ஐ 1.08-ஆல் வகுத்து வரும் 7.41 சதவீதம்தான்.

முடிவெடுக்கும் கணக்கில் என்ன ஆகும்

இன்று 90,000 போட்டால் 3 ஆண்டு கழித்து 1,00,000 கிடைக்கும், வேறு வழியில் 8 சதவீதம் சம்பாதிக்க முடியும் என்றால், இந்தத் திட்டம் தேறுமா? 1,00,000-இன் தற்போதைய மதிப்பு 79,383. அதிலிருந்து 90,000 போனால் 10,617 நட்டம். வேண்டாம் என்பதே விடை. திசையை மாற்றியவருக்கு 1,00,000 என்பது 1,25,971 ஆகி, 35,971 லாபம் என்று காட்டும். குறியே மாறிவிட்டது. இன்னொரு விளைவையும் கவனியுங்கள்: இந்தத் தவறான முறையில் வட்டி விகிதத்தைக் கூட்டக் கூட லாபம் கூடும். 8-ஐ 12 ஆக்கினால் தவறான லாபம் 50,493 ஆகிறது. முதலில் பணத்தைப் போட்டுப் பிறகு வரவு பெறும் ஒரு திட்டம், விகிதம் ஏறும்போது கவர்ச்சி கூடுவதாகக் காட்டினால் எங்கோ திசை திரும்பியிருக்கிறது. எக்செல் தாளில் விகிதம் உள்ள ஒரே கலத்தை மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எக்செல்லில்

இரண்டு ஃபங்ஷன்களின் அமைப்பும் ஒன்றேபோல இருக்கும். நான்காவது இடத்தில் போடும் எண்ணின் பொருள் மட்டும் வேறு.

```
=PV(8%,5,0,-100000)    68058.32
=FV(8%,5,0,-100000)   146932.81
=PV(8%,5,-100000)     399271.00
```

`PV`-இல் நான்காவது இடம் எதிர்காலத் தொகைக்கு, `FV`-இல் அதே இடம் இன்றைய தொகைக்கு. விடையாக எது வேண்டுமோ அதன் பெயரில்தான் ஃபங்ஷனைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கையில் இருப்பதன் பெயரில் அல்ல. குறை எண் அடையாளத்துக்கும் காலத் திசைக்கும் சம்பந்தமே இல்லை. பணம் உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்பதைத்தான் அது சொல்கிறது. அடையாளத்தை நீக்கினால் விடை −68,058 என வரும், தொகை மாறாது. மூன்றாவது வரியில் நடுவில் இருந்த 0 விடுபட்டுவிட்டதால், 1,00,000 ஒரே முறை வரும் தொகை என்ற நிலை போய், 5 ஆண்டும் ஆண்டுதோறும் வரும் தவணையாகிவிட்டது. 3,99,271 போன்ற பெரிய எண் வந்தால் திசையைச் சந்தேகிப்பதற்கு முன் அந்த 0 இருக்கிறதா என்று பாருங்கள்.