வகையீட்டுச் சுற்றில் அடங்காத நடுக்கம்

TL072 ஆப்-ஆம்ப், உள்ளீட்டில் 10 நானோஃபாரட் மின்தேக்கி, பின்னூட்டத்தில் 100 கிலோஓம். 100 ஹெர்ட்ஸ் முக்கோண அலை கொடுத்தால் சதுர அலை வரவேண்டும். வந்தது; ஆனால் ஒவ்வொரு விளிம்பிலும் சுமார் 22 கிலோஹெர்ட்ஸ் நடுக்கம், மேலே புல் முளைத்ததுபோல் இரைச்சல்.

ஐசி மாற்றினேன், சப்ளையில் மின்தேக்கி சேர்த்தேன், பயனில்லை. அலை கொடுக்கும் சிக்னல் ஜெனரேட்டரைக் கழற்றியதும் எல்லாம் அமைதியானது. அதனால் அதன்மேல் பழிபோட்டே இரண்டு நாள் வீண்.

அப்புறம் உள்ளீட்டைத் தரையோடு இணைத்தேன். சிக்னலே இல்லை, நடுக்கம் திரும்பிவிட்டது! கழற்றும்போது மின்தேக்கி அந்தரத்தில் நிற்கிறது, அதனால்தான் அமைதி. இணைத்தால் அதுவும் 100 கிலோஓமும் பின்னூட்டத்தை ஏறக்குறைய 90 பாகை தாமதிக்கின்றன. ஆப்-ஆம்ப் தன் பங்குக்கு இன்னொரு 90. நிலைத்தன்மைக்கு மிச்சமே இல்லை. பெருக்கமும் அதிர்வெண்ணோடு ஏறுவதால் 22 கிலோஹெர்ட்ஸ் அருகே இரைச்சல் நூறு மடங்குக்கும் மேல் பெருகுகிறது.

மின்தேக்கியோடு தொடராக 1 கிலோஓம் போட்டேன். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெருக்கம் ஏறுவதில்லை, 100-ஐத் தாண்டாது, தாமதமும் குறைகிறது. நடுக்கம் போயிற்று, அப்பாடா! விளிம்பு மட்டும் சில பத்து மைக்ரோநொடி வளைகிறது. 10 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை வகையிட இது உதவாது.