பொங்கி வழியாத இட்லி மாவுக்கு எந்தப் பாத்திரம்?

ராத்திரி மூடி வைத்த மாவு காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையெல்லாம் வழிந்திருக்கும். வெயில் காலத்தில் இது எங்கள் வீட்டில் அடிக்கடி நடந்தது. பாத்திரத்தின் கொள்ளளவைத் தண்ணீர் ஊற்றி அளந்த பிறகுதான் இதற்கு ஒரு வழி பிறந்தது.

நான் 4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து போடுவேன். அரைத்துக் கரைத்தால் சுமார் இரண்டரை லிட்டர் மாவு வரும். அது இரண்டு மடங்கானால் 5 லிட்டர். நான் வைத்திருந்த தூக்கோ விளிம்பு வரை ஊற்றினாலே 4 லிட்டர்தான் பிடித்தது. இப்போது 6 லிட்டர் பிடிக்கும், நேராக நிற்கும் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாறிவிட்டேன். மாவு பாதிக்குக் கீழேயே நிற்கிறது. பொங்கினாலும் மேலே கொஞ்சம் இடம் மிஞ்சுகிறது.

வடிவத்தையும் பார்க்க வேண்டும். வாய் குறுகிய பாத்திரத்தில் பாதி உயரம் வரை ஊற்றினால், கொள்ளளவில் பாதிக்கு மேலேயே நிரம்பியிருக்கும். கண் ஏமாந்துவிடும், அதனால் தண்ணீர் அளவையே நம்புங்கள். உளுந்து நன்றாக உபரி கண்டு, பஞ்சு மாதிரி அரைபட்ட நாளில் மாவு இன்னும் அதிகம் பொங்கும். அன்றைக்கு நான் யோசிக்காமல் இரண்டு பாத்திரத்தில் பிரித்து வைத்துவிடுவேன். மூடியை இறுக்காமல் சும்மா மேலே வைத்தால் போதும், வாயு வெளியே போய்விடும்.

காலையில் மாவு இறங்கியிருந்தாலும், பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிய கோடு அது எவ்வளவு உயரம் ஏறியது என்று காட்டிவிடும். அந்தக் கோடு விளிம்பை நெருங்கியிருந்தால் அடுத்த முறை மாவைக் குறைத்து ஊற்றுங்கள்.