வாய்ச்சொல்லை நம்பி ஆய்வைத் தொடங்காதீர்கள்

வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி, வேலை செய்துகொண்டே பொதுச் சுகாதாரத்தில் முதுமாணி படித்தார். டெங்கு பற்றிய அவருடைய ஆய்வு பாதியில் நின்றபோது, மேற்பார்வையாளர் ஓராண்டு விடுமுறையில் வெளிநாடு போய்விட்டார். தங்கச்சி இன்னொரு விரிவுரையாளரிடம் மேற்பார்வை செய்வீர்களா என்று கேட்டார். "சரி, என்னோடு செய்யுங்கோ, ஆனால் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களின் இரத்தசோகையை எடுங்கோ" என்றார் அவர். அடுத்த வாரமே தங்கச்சி வினாக்கொத்தோடு கிளம்பிவிட்டார். தலைப்பையும் மேற்பார்வையாளரையும் மாற்றக் கேட்கும் படிவத்தைக் கொடுத்தது இரண்டு மாதம் கழித்து. அதற்குள் 60 பேரிடம் தகவல் எடுத்தாகிவிட்டது.

அந்த 60 வினாக்கொத்துகளும் வீணாயின. நடந்து முடிந்த வேலைக்கு ஆய்வு நெறிமுறைக் குழு பிறகு அனுமதி தராது. பழைய அனுமதி டெங்கு ஆய்வுக்குத்தான். கேள்வியும் ஆட்களும் மாறியதால் புதிய விண்ணப்பமே போட வேண்டியிருந்தது. தலைப்பை மாற்றாமல் மேற்பார்வையாளரை மட்டும் மாற்றியிருந்தால், பெரும்பாலும் ஒரு திருத்த விண்ணப்பம் போதுமாக இருந்திருக்கும். இரண்டையும் ஒன்றாக மாற்றுமுன், பழைய தலைப்பைப் புதியவர் ஏற்பாரா என்று கேட்டுப் பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

விரிவுரையாளர் சரி என்பது சம்மதம் மட்டுமே, அனுமதி அல்ல. பொதுவாக இந்த மாற்றத்துக்கான விண்ணப்பம் பாடநெறி இணைப்பாளர், துறைத் தலைவர் வழியாகப் பட்டமேற்படிப்புக் குழுவுக்குப் போய், பிறகு பீடச் சபைக்கோ மூதவைக்கோ செல்லும். இந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் மாதம் ஒருமுறைதான். நிகழ்ச்சிநிரல் முன்கூட்டியே மூடப்படும். ஒரு நாள் பிந்தினாலும் ஒரு மாதம் போய்விடும். அந்த மாதங்களிலும் உங்கள் பதிவுக்காலம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தங்கச்சிக்கு அது முடிந்து, நீடிப்புக் கட்டணமும் கட்ட வேண்டி வந்தது.

மாற்றம் கேட்டு எழுதும் கடிதத்தில் பட்டமேற்படிப்புக் குழு முதலில் தேடுவது மீதமுள்ள காலத்தில் ஆய்வு முடியுமா என்பதைத்தான். தங்கச்சி முதலில் "தவிர்க்க முடியாத காரணங்கள்" என்று நான்கு வரி எழுதியிருந்தார். குழு விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பியது. இரண்டாம் முறை, விடுமுறை தொடங்கிய தேதி, இலக்கிய மீளாய்வில் எந்தப் பகுதி புதிய ஆய்வுக்கும் உதவும், பதிவு முடியும் தேதிவரை எந்த மாதம் என்ன வேலை என்று எழுதினார். புதியவரின் எழுத்துச் சம்மதத்தையும் பழையவர் மின்னஞ்சலில் அனுப்பிய விடுவிப்பையும் இணைத்தார். அது அடுத்த கூட்டத்திலேயே நிறைவேறியது.

மேற்பார்வையாளரோடு மனக்கசப்பால் மாறுகிறீர்கள் என்றால், அதை இந்தக் கடிதத்தில் கொட்டாதீர்கள். இது பல கைகளுக்குப் போகும் தாள். முறைப்பாட்டைத் துறைத் தலைவரிடம் தனியாகச் சொல்லுங்கள். பழையவர் கையெழுத்திட மறுத்தாலும் துறைத் தலைவரிடமே போங்கள். அப்புறம், பழையவரின் ஆய்வுத்திட்டத்தில் கிடைத்த தரவு உங்களிடம் இருந்தால், அவருடைய எழுத்து அனுமதி இல்லாமல் புதிய ஆய்வுக்குள் கொண்டுவர வேண்டாம்.