சுளுக்கிய கணுக்காலுக்கு முதல் சில நாட்களில் நாம் செய்யும் தவறுகள்

வாலிபால் ஆட்டத்தில் பிளாக் போடக் குதித்தவன், வலைக்கு அடியில் நீட்டியிருந்த எதிரணிக்காரரின் ஷூ மேல் இறங்கினான். வலது பாதம் உள்பக்கமாக மடங்கியது. கல்லூரி முதலாண்டுப் பையன், 19 வயது. அவன் தரையில் உட்காருவதற்குள் மூன்று பேர் ஓடி வந்துவிட்டார்கள். ஒருவர் கையில் வலி ஸ்ப்ரே. இன்னொருவர் ஜூஸ் கடையிலிருந்து ஒரு பை நிறைய ஐஸ் கட்டி வாங்கி வந்திருந்தார். மூன்றாமவர் குதிகாலைப் பிடித்து, "ஒரே இழுப்புல சுளுக்கை எடுத்துடலாம்" என்று உட்கார்ந்தார்.

நான் பிசியோதெரபிஸ்ட். மாலை நேரங்களில் வாலிபால் அணிகளோடு இருப்பவன். அன்று முதலில் தடுத்தது அந்த மூன்றாமவரை. எலும்பு உடைந்திருக்கிறதா என்று தெரியாத காலை யாரும் இழுக்கக் கூடாது. ஐஸ் வைக்கலாமா, கட்டுப் போடலாமா என்பதெல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வி இது எலும்பா, ஜவ்வா என்பது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது.

இதற்கு 1992-ல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் ஓர் எளிய வழியை வகுத்தார்கள். உலகம் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பின் நுனியையும், அதன் பின்விளிம்பில் சுமார் 6 சென்டிமீட்டர் உயரம் வரையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு பாதத்தின் வெளிவிளிம்பில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே தட்டுப்படும் புடைப்பு. அப்புறம் உள்பக்க வளைவின் மேலே உள்ள எலும்பு. இவற்றில் எங்காவது எலும்பின் மேலேயே அழுத்தும்போது சுரீரென்று வலித்தாலோ, நொண்டியாவது நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கால் கோணலாகத் தெரிந்தாலோ, பாதம் சில்லிட்டு மரத்துப்போனாலோ இந்தச் சோதனைகூட வேண்டாம், நேராக மருத்துவமனைதான். வளரும் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. அவர்களுக்கு எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு ஜவ்வைவிட மென்மையாக இருப்பதால், பெரியவர்களுக்குச் சுளுக்காக முடிவது அவர்களுக்கு எலும்புக் காயமாகிவிடலாம்.

நம் பையனிடம், "தம்பி, மெதுவா எழுந்து நாலு அடி வை பார்ப்போம்" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தான். எலும்பை அழுத்தியபோது வலிக்கவில்லை. வெளிப்பக்க எலும்புக்குச் சற்று முன்னே, கீழே இருக்கும் பள்ளத்தில் விரல் பட்டதும் காலை உதறினான். பாதம் உள்பக்கமாக மடங்கும்போது முதலில் அறுபடும் ஜவ்வு இருக்கும் இடம் அது. சரி, ஜவ்வுக் காயம்தான்.

இப்போது ஐஸ். காயம் பட்டால் ஓய்வு, ஐஸ், இறுக்கமான கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்ற நாலு கட்டளையை, அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து ரைஸ் என்ற பெயரில் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். அது 1978-ல். ஒரு தலைமுறைப் பயிற்சியாளர்கள் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள், நானும்தான். 2014-ல் அதே மிர்கின், ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். தான் பரப்பியதைத் தானே திருத்திக்கொண்ட அந்த நேர்மைக்காகவே அவர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அவர் மனம் மாறியதற்குக் காரணம் வீக்கத்தைப் பற்றிய புரிதல் மாறியதுதான். அடிபட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்குவதை நாம் எதிரியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் பழுதுபார்க்கும் வேலை அங்கேதான் தொடங்குகிறது. ரத்தக் குழாய்கள் கொஞ்சம் கசிந்து வழிவிட, வெள்ளை அணுக்கள் வந்து சேர்கின்றன. அவை கிழிந்த திசுவின் துணுக்குகளை அகற்றுகின்றன, புதுத் திசு வளர்வதற்கான ரசாயன சமிக்ஞைகளையும் அனுப்புகின்றன. ஐஸ் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அவற்றின் வருகையைக் குறைக்கிறது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐஸ் ஆறுவதைத் தடுக்கிறது என்பதற்கான சான்றில் பெரும்பகுதி எலிகளின் தசையில் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. மனிதக் கணுக்காலில் அது உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. அதேபோல் ஐஸ் வைத்தால் சீக்கிரம் ஆறும் என்பதற்கும் உறுதியான சான்று கிடையாது. வலியை மரக்கச் செய்யும் என்பது மட்டும்தான் நிச்சயம்.

அதனால் ஐஸை வலி நிவாரணியாக மட்டும் வையுங்கள். ஈரத்துணியில் சுற்றி 10 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். எடுத்துவிட்டு 20 நிமிடம் கழித்து, வலி தாங்கவில்லையென்றால் இன்னொரு முறை. மிர்கினின் புதிய கணக்குப்படி முதல் 6 மணி நேரத்துக்குப் பிறகு ஐஸ் வைக்கக் காரணமே இல்லை. ஐஸ் வாளியில் அரை மணி நேரம் காலை முக்கி வைப்பது, ஐஸ் கட்டியை நேராகத் தோலில் வைத்துக் கட்டிவிட்டுத் தூங்குவது இரண்டுமே தோலையும் அதற்கு அடியில் ஓடும் நரம்பையும் புண்ணாக்கக்கூடியவை. ஐஸோ ஸ்ப்ரேயோ போட்டு மரத்த காலோடு மறுபடி ஆட இறங்குவது அதைவிட மோசம். பாதம் எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பதை மூளைக்குச் சொல்லும் உணர்வு அப்போது மங்கியிருக்கும்.

ஐஸ் வேண்டாம் என்றதும் பலர் நேரெதிர்ப் பக்கம் போய்விடுகிறார்கள். சூடாகப் புளியும் உப்பும் பற்றுப் போடுவது, வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் விட்டு நீவுவது. பாட்டி காலத்துப் பழக்கம், அக்கறையோடு செய்வது என்பதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு உள்ளே சிறு ரத்தக் குழாய்கள் அறுந்தே கிடக்கின்றன. சூடும் அழுத்தித் தேய்ப்பதும் கசிவைக் கூட்டும். மறுநாள் காலையில் பாதம் பந்து மாதிரி வீங்கி, விரல் வரை கருநீலம் பரவியிருந்தால், "நேத்து யாராவது நீவி விட்டாங்களா?" என்றுதான் நான் கேட்பேன். பெரும்பாலும் ஆமாம் என்ற பதில்தான் வரும்.

பையனுக்கு அன்று உண்மையில் உதவியது ஒரு கிரேப் பேண்டேஜும் இரண்டு தலையணையும். பேண்டேஜை விரல்களின் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். கணுக்காலில் எட்டு வடிவமாகக் குறுக்கே போய், முந்தைய சுற்றில் பாதியை அடுத்த சுற்று மூட வேண்டும். கணுக்காலுக்கு மட்டும் வளையம் போலச் சுற்றினால் வீக்கம் கீழே பாதத்தில் தேங்கிக்கொள்ளும். விரல்கள் வெளியே தெரியட்டும். கட்டை விரல் நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் ரத்த நிறம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை, அல்லது விரல் குறுகுறுக்கிறது என்றால் கட்டு இறுக்கம், பிரித்துத் தளர்த்துங்கள். படுக்கும்போது குதிகால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி தலையணை வைத்தோம்.

வலி மாத்திரையில் ஒரு சிக்கல் இருக்கிறது. வீக்கத்தைக் குறைக்கும் வகை மாத்திரைகளை முதல் சில நாட்களில் தவிர்க்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள். ஆஸ்திரேலியப் படையில் புதிதாகச் சேர்ந்து பயிற்சி பெற்ற வீரர்களிடம் நடத்தி 1997-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அப்படிப்பட்ட மாத்திரை எடுத்தவர்கள் வலி குறைந்து சீக்கிரம் பயிற்சிக்குத் திரும்பினார்கள். ஆனால் அவர்கள் கணுக்கால் மூட்டில் தளர்வு கூடுதலாக இருந்தது. பையனின் மருத்துவர் பாராசிட்டமால் மட்டும் கொடுத்தார், அதுவே போதுமானதாக இருந்தது.

அடுத்தது ஓய்வு. இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். எனக்கு 22 வயதில் இதே காயம். அன்று எனக்குச் சொல்லப்பட்டபடி மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்கவில்லை. எழுந்தபோது வலி இல்லை, ஆனால் கெண்டைக்கால் சதை கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தது. மூன்றாவது மாதம், மைதானத்தில்கூட இல்லை, பேருந்திலிருந்து இறங்கும்போது அதே கால் மடங்கியது.

கிழிந்த ஜவ்வு ஆறும்போது புது நார்கள் உருவாகின்றன. அளவான இழுவிசை தொடர்ந்து கிடைத்தால் அவை அந்தத் திசையில் வரிசையாக அடுக்கிக்கொள்ளும். காலை அசைக்கவே இல்லையென்றால் கண்டபடி பின்னிக்கொண்டு பலமில்லாமல் போகும். வடக்கு அயர்லாந்தில் 101 பேரிடம் நடத்தி 2010-ல் வெளியான ஆய்வில், முதல் வாரத்திலேயே பயிற்சி தொடங்கியவர்களின் கால் முதல் இரண்டு வாரங்களில் மற்றவர்களைவிட நன்றாக இயங்கியது. 2012 முதல் ஓய்வு என்ற சொல்லுக்குப் பதிலாக அளவான சுமை என்று நிபுணர்கள் எழுதத் தொடங்கினார்கள். ஆனால் இதை எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருத்திவிடக் கூடாது. கால் ஊன்றவே முடியாத அளவு கடுமையான சுளுக்கில், முழங்காலுக்குக் கீழே 10 நாள் மாவுக்கட்டுப் போட்டவர்கள் காலுறை போல மாட்டும் வெறும் துணிக்கட்டுப் போட்டவர்களைவிட வேகமாகத் தேறினார்கள் என்று 2009-ல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வு காட்டியது. எந்த வகைக் காயம் என்பதை நேரில் பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பையனுடையது நடுத்தரக் காயம். இரண்டாம் நாள் காலையில் கட்டிலில் உட்கார்ந்தபடி, கட்டை விரலால் காற்றில் அ, ஆ, இ, ஈ எழுதச் சொன்னேன். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. ஊன்றுகோலோடு, வலி அனுமதிக்கும் அளவு பாதத்தைத் தரையில் வைத்து நடந்தான். அளவு எது என்று அவன் அம்மா கேட்டார். பத்துக்கு மூன்று வரை வலி இருக்கலாம், ஆனால் மறுநாள் காலையில் வலியோ வீக்கமோ கூடியிருந்தால் முந்தின நாள் செய்தது அதிகம். அப்படியானால் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். நாலாம் நாள் அது நடந்தது. விடுதி மாடிப்படியை மூன்று முறை ஏறி இறங்கிவிட்டான், காலையில் கணுக்கால் தடித்திருந்தது. ஒரு நாள் குறைத்தோம், வீக்கம் வடிந்தது.

ஆறாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி இறக்கினான். இரண்டாம் வாரத்திலிருந்து பல் தேய்க்கும்போது வலது காலில் மட்டும் நிற்கும் பயிற்சி. முதலில் எட்டு விநாடி தாக்குப்பிடித்தான், பிறகு முப்பது விநாடி, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு.

நாலாம் வாரம், "சார், வலியே இல்ல, சனிக்கிழமை மேட்சுல ஆடவா?" என்று கேட்டான். வலி போனது, ஆனால் கால் தயாராகவில்லை. வலது காலில் மட்டும் முன்னோக்கி மூன்று முறை தொடர்ந்து குதிக்கச் சொல்லி, டேப் வைத்து அளந்தேன். இடது காலின் தூரத்தில் முக்கால்வாசிதான் வந்தது. ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்குவதில் இடது 25 முறை, வலது 14-ல் நின்றுவிட்டது. அந்த சனிக்கிழமை அவன் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதினான். ஏழாம் வாரம் இரண்டு காலும் ஏறக்குறைய சமமானபோது, கணுக்காலில் பிரேஸ் மாட்டிக்கொண்டு இறங்கினான். இன்னும் சில மாதங்களுக்கு அந்த பிரேஸ் இல்லாமல் வலை அருகே குதிக்க அவனை நான் விடப்போவதில்லை.