கலந்துரையாடல் அத்தியாயத்தை ஆய்வு வினாக்களின் வரிசைக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் ஆய்வேடு எழுதும் பிள்ளைகளின் வரைவுகளை வாசித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. பெறுபேறுகள் அத்தியாயம் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். அடுத்த அத்தியாயமான கலந்துரையாடலில்தான் மேற்பார்வையாளர் சிவப்பு மையால் எழுதுவார்: “ஆய்வு வினாக்களின் ஒழுங்கில் எழுதவும்.” பிள்ளை ஒரு கிழமைக்குள் திருத்திக்கொண்டு போகும். அடுத்த முறையும் அதே குறிப்போடு திரும்பி வரும். அந்த ஒரு கிழமையில் நடக்கும் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விளக்குவதற்கு ஓர் ஆய்வு வேண்டும். கொட்டியாரக்குடாக் கரையில் கருவாடு போட்டு விற்கும் 60 பெண்களிடம் வினாக்கொத்து நிரப்பிய ஆய்வு ஒன்றை நானே கற்பனையாக அமைத்திருக்கிறேன். இதில் வரும் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக வைத்தவை. ஆய்வு வினாக்கள் மூன்று. உலர்த்தும் முறை கருவாட்டுக்குக் கிடைக்கும் விலையை மாற்றுகிறதா? வியாபாரியிடம் முற்பணம் வாங்கியிருப்பது அந்த விலையைப் பாதிக்கிறதா? வாடைக்காற்றுக் காலத்தில் குறையும் வருமானத்தை இந்தப் பெண்கள் எப்படி ஈடுசெய்கிறார்கள்?

அட்டவணைகள் எட்டு. வயது 4.1, கல்வி 4.2, உலர்த்தும் முறையும் விலையும் 4.3, மாத உற்பத்தி 4.4, கடன் மூலம் 4.5, கடன் மூலமும் விலையும் 4.6, வாடைக்கால வேறு வருமானங்கள் 4.7, சேமிப்பு 4.8. இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வெயிலில் மீனைப் புரட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் போய் நின்றவுடன் கடனைப் பற்றிக் கேட்க முடியாது. வயதைக் கேட்போம், படிப்பைக் கேட்போம், முகம் பழகிய பிறகு முதலாளியிடம் வாங்கிய காசைப் பற்றி மெதுவாகக் கேட்போம். வினாக்கொத்து அந்தப் பக்குவத்தில் அமைந்தது. எஸ்.பி.எஸ்.எஸ். வினாக்கொத்தின் ஒழுங்கிலேயே அட்டவணைகளைத் தந்தது. பெறுபேறுகள் அத்தியாயம் எஸ்.பி.எஸ்.எஸ். தந்தபடி போனது. கலந்துரையாடலும் அதன் பின்னாலேயே போய்விட்டது. ஆக, வாடியில் ஒருவரிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்பதற்காகப் போட்ட ஒழுங்கில், ஆய்வின் விடைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

முதல் தவறு, தலைப்புகளை மட்டும் மாற்றுவது. ‘5.1 மாதிரியின் பண்புகள்’ என்று இருந்ததை ‘5.1 முதலாவது ஆய்வு வினா’ என்று மாற்றிவிட்டு, கீழே இருந்த பந்திகளை வெட்டி ஒட்டுவார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பந்தியின் முதல் வசனத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி, மேலிருந்து கீழே வாசியுங்கள். “அட்டவணை 4.3 இன்படி…”, “அட்டவணை 4.4 காட்டுவதாவது…” என்று போனால், தலைப்பு என்னவாக இருந்தாலும் அத்தியாயம் இன்னும் அட்டவணைகளின் பின்னால்தான் போகிறது. முதல் வசனங்களை மட்டும் வாசிக்கும்போதே வினாவுக்கான விடை ஓரளவு கேட்கத் தொடங்க வேண்டும்.

அதற்குப் பந்தியின் உள்ளேயும் ஒழுங்கு மாற வேண்டும். பழைய பந்தி இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்:

“அட்டவணை 4.3 இன்படி 24 பெண்கள் தட்டியிலும் 36 பெண்கள் மணலிலும் உலர்த்துகின்றனர். தட்டியில் உலர்த்தியவர்களின் சராசரி விலை கிலோவுக்கு 1100 ரூபாய், மணலில் உலர்த்தியவர்களுடையது 943 ரூபாய். எனவே தட்டியில் உலர்த்துவது சிறந்தது.”

இதில் எண்கள் முன்னால் நிற்கின்றன, விடை வாலில் தொங்குகிறது. அந்த விடையும் கேட்ட வினாவுக்கு உரியதல்ல. வினா விலையைப் பற்றியது, பந்தி ‘சிறந்தது’ என்று முடிகிறது. இதைத் திருப்பி எழுதலாம். ஆனால் திருப்பி எழுதுவதற்கு முன் இரண்டாவது தவறைப் பார்க்க வேண்டும். உண்மையில் பெரிய தவறு அதுதான்.

பிள்ளைகள் அட்டவணைகளை வினாக்களுக்குப் பங்கு பிரிப்பார்கள். 4.3 முதல் வினாவுக்கு, 4.5உம் 4.6உம் இரண்டாவதற்கு, 4.7உம் 4.8உம் மூன்றாவதற்கு. ஒவ்வோர் அட்டவணைக்கும் ஒரேயொரு வீடு. காணி பிரிப்பதுபோலப் பிரித்தால் பார்வைக்குத் துப்புரவாக இருக்கும், ஆனால் இரண்டு வினாக்களும் ஒன்றையொன்று சந்திக்கவே மாட்டா. இந்த ஆய்வில் அப்படிப் பிரித்தால் முதல் விடை ‘தட்டியால் 157 ரூபாய் கூடுகிறது’ என்று வரும். இரண்டாவது விடை, முற்பணம் வாங்காதவருக்கு 1151, வாங்கியவருக்கு 895, ஆகவே ‘முற்பணத்தால் 256 ரூபாய் குறைகிறது’ என்று வரும். இரண்டும் தனித்தனியே சரிபோலத் தெரியும்.

பங்கு பிரிப்பதற்குப் பதிலாக, ஒரு தாளில் மூன்று வினாக்களையும் இடப்பக்கம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இதற்கு விடை தரும் அட்டவணை எது? அந்த விடையைச் சந்தேகிக்க வைக்கும் அட்டவணை எது? இரண்டாவது கேள்வியைக் கேட்டால்தான் 4.5 முதல் வினாவுக்குள்ளும் வந்து நிற்கும். தட்டி அடிக்கக் காசு வேண்டும். காசு இல்லாதவர் முற்பணம் வாங்குவார். அப்படியென்றால் மணலில் உலர்த்துபவர்களில் பெரும்பாலோர் முற்பணம் வாங்கியவர்களாகவும் இருக்கலாமே?

தரவுக்குத் திரும்பிப்போய் இரண்டையும் சேர்த்து ஒரு குறுக்கு அட்டவணை எடுத்துப் பார்த்தால் இப்படி வருகிறது. தட்டியில் உலர்த்தும் 24 பேரில் 6 பேர்தான் முற்பணம் வாங்கியவர்கள். மணலில் உலர்த்தும் 36 பேரில் 28 பேர். விலையை நான்கு கூட்டமாகப் பிரித்தால், முற்பணம் வாங்காதவர்களில் தட்டிக்கு 1160, மணலுக்கு 1130. வாங்கியவர்களில் தட்டிக்கு 920, மணலுக்கு 890. இரண்டு பக்கத்திலும் தட்டி தரும் வித்தியாசம் 30 ரூபாய்தான். முற்பணத்தால் வரும் வித்தியாசமோ தட்டியிலும் 240, மணலிலும் 240. தட்டியின் கணக்கில் எழுதியிருந்த 157 ரூபாயில் பெரும்பகுதி கடனின் கணக்கில் எழுத வேண்டியது.

அட்டவணை ஒழுங்கில் எழுதியிருந்தால் இது கண்ணில் படாமலே போயிருக்கும், ஏனென்றால் 4.3ஐ எழுதி முடித்து, உற்பத்தியைப் பற்றியும் எழுதிய பிறகுதான் கடன் வருகிறது. “தட்டி கொடுத்தால் விலை கூடும்” என்று பரிந்துரைகளிலும் எழுதியிருப்போம். அதை நம்பி யாராவது தட்டி கொடுத்தால், முற்பணத்தில் மாட்டியிருக்கும் பெண்ணுக்குக் கிலோவுக்கு 30 ரூபாய்தான் கூடும். இதனால்தான் இந்த மாற்றத்தில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறேன்.

இப்போது பந்தியைத் திருப்பி எழுதலாம்:

“உலர்த்தும் முறை விலையை ஓரளவே மாற்றுகிறது. தட்டியில் உலர்த்தியவர்களுக்குச் சராசரியாக 157 ரூபாய் கூடக் கிடைத்தாலும் (அட்டவணை 4.3), முற்பணம் வாங்கியவர்களையும் வாங்காதவர்களையும் பிரித்துப் பார்க்கும்போது அந்த வேறுபாடு 30 ரூபாயாகக் குறைகிறது (அட்டவணை 4.9). மணலில் உலர்த்துவோரில் பெரும்பாலோர் முற்பணம் வாங்கியவர்களாக இருப்பதே இதற்குக் காரணமாகலாம். எனினும் தட்டியும் முற்பணமும் சேர்ந்திருந்தவர்கள் 6 பேர் மட்டுமே. ஆகவே இந்த 30 ரூபாய் வேறுபாட்டை உறுதியானதாகக் கொள்ள முடியாது.”

விடை முதலில் வந்தது, அட்டவணை எண் அடைப்புக்குறிக்குள் போனது, எல்லையும் அதே பந்தியில் இருக்கிறது. இதன் பிறகுதான் முந்தைய ஆய்வுகளோடு ஒப்பிட வேண்டும்.

இங்கே ஒரு வழுக்கல் உண்டு. 4.9 புதிய அட்டவணை. அதைக் கலந்துரையாடலிலேயே முதன்முதலாகக் காட்டிவிடுவார்கள். அது பெறுபேறு, ஆகவே நான்காம் அத்தியாயத்தில்தான் வர வேண்டும். பகுப்பாய்வைத் தொடங்கிய பின்னர் எடுத்த அட்டவணை என்பதையும் அங்கே ஒரு வரியில் சொல்லுங்கள். முதலிலேயே திட்டமிட்டதுபோல எழுதுவது நேர்மையாகாது.

மூன்றாவது தவறு, விடை பலவீனமான வினாவில் நடப்பது. நம் ஆய்வில் தரவு மே முதல் யூலை வரை சேகரிக்கப்பட்டது. திருகோணமலையில் மழை கொட்டுவது வடகீழ்ப் பருவக்காற்று வீசும் ஒக்டோபருக்குப் பிந்திய மாதங்களில். கச்சான் காலத்தில், கடல் அமைதியாக இருக்கும்போது, வாடைக்காலத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். கிடைத்தது ஆறேழு மாதத்துக்கு முந்தைய நினைவு. அட்டவணை ஒழுங்கில் எழுதும்போது இது தெரியாது, ஏனென்றால் 4.7க்கும் 4.8க்கும் ஆளுக்கொரு பந்தி இருக்கும், நிறைந்ததுபோல இருக்கும். வினாவைத் தலைப்பாக வைத்தவுடன் வெறுமை தெரிந்துவிடும். அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் முதலாம் அத்தியாயத்துக்குப் போய், ‘எப்படி ஈடுசெய்கிறார்கள்’ என்பதை ‘வேறு வருமான மூலங்கள் எவை’ என்று சத்தமில்லாமல் மாற்றுவார்கள். செய்யாதீர்கள். முன்மொழிவில் பழைய வினா அப்படியே இருக்கும், பரீட்சகர் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிப்பார். “வேறு வருமானம் எதுவென்று தெரிந்தது, அது இழப்பை எவ்வளவு ஈடுசெய்தது என்பதை இந்தத் தரவால் சொல்ல முடியவில்லை, காரணம் இது” என்று எழுதினால் அதுவும் ஒரு விடைதான்.

வயது, கல்வி அட்டவணைகளுக்கு இந்த அத்தியாயத்தில் தனிப் பந்தி தேவையில்லை. எழுதியதைக் கைவிட மனம் வராது, எனக்குத் தெரியும். கல்வி விலையையோ கடனையோ மாற்றியிருந்தால் அந்த வினாவுக்குள் ஒரு வசனமாக வரட்டும், இல்லையென்றால் நான்காம் அத்தியாயத்தோடு நிற்கட்டும். வினாக்களுக்கு வெளியே எதிர்பாராமல் கிடைத்த ஒன்று இருந்தால் மட்டும், மூன்று வினாக்களும் முடிந்த பிறகு சிறு பகுதியாக வைக்கலாம்.

பந்திகள் இடம் மாறியதும் உடைவது இணைப்புச் சொற்கள். “மேலே குறிப்பிட்டவாறு”, “முன்னர் கண்டதுபோல” என்பவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். மேலே இருந்தது இப்போது கீழே இருக்கும். அட்டவணை எண்களை வேர்ட்டின் குறுக்குக் குறிப்பு வசதியால் போட்டிருந்தால் Ctrl+A அழுத்தி F9 அழுத்த, எண்கள் புதுப்பிக்கப்படும். கையால் தட்டச்சுச் செய்திருந்தால் கண்ணால்தான் பார்க்க வேண்டும். முடிவுரையும் ஆய்வுச் சுருக்கமும் இன்னும் பழைய ஒழுங்கிலேயே, பழைய 157 ரூபாயோடு இருக்கும். அவற்றைக் கடைசியாக, கலந்துரையாடலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு திருத்துங்கள்.